தனுஷ்கோடியில் மட்டும் ரீசெட் ஆகும் கருவி: ஸ்டாக், ஹீப் பற்றி ஒரு குறிப்பு

கடற்கரையில் வைத்த ஒரு கருவி காரணமே இல்லாமல் ரீசெட் ஆகிறது என்றால், முதலில் வரும் பதில் "உப்புக்காத்து சார்" என்பதுதான். இரண்டாவது பதில் பேட்டரி. இரண்டுமே நியாயமான சந்தேகங்கள்தான். உப்பு ஏறிய கனெக்டரில் தொடர்பு விட்டு விட்டு வரும். ஜிஎஸ்எம் மோடம் சிக்னல் அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும், அப்போது வோல்டேஜ் இறங்கும். அதனால் பெட்டியைத் திறந்து, கனெக்டரை மாற்றி, பெரிய கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டுவிட்டு வருவார்கள். நாலு நாள் ஓடும். ஐந்தாம் நாள் ராத்திரி மறுபடியும் ரீசெட்.

இந்தக் குறிப்பில் மூன்றாவது சந்தேகத்தைப் பற்றிப் பார்க்கப் போகிறோம். ஃபர்ம்வேருக்குள்ளேயே ஒரு இடத்தில் எழுத வேண்டியது பக்கத்து இடத்தில் எழுதப்பட்டு, அதன் விளைவு மணிக்கணக்கில் கழித்து வேறு எங்கோ ரீசெட்டாக வெளிப்படுவது. ஸ்டாக் வழிவது, ஹீப் கெடுவது என்று இதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு.

வெறுமனே விளக்கம் சொன்னால் மனதில் நிற்காது. அதனால் ஒரு மாதிரிக் கருவியை தனுஷ்கோடியில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கருவி கற்பனை. ஆனால் சிப், மென்பொருள், பைட் கணக்கு எல்லாம் நிஜம். ஏன் தனுஷ்கோடி? அந்த இடத்துக்கென்றே உள்ள ஒரு விஷயம் இந்தப் பிழையை வெளியே கொண்டுவருகிறது.

கருவி

காற்றின் வேகத்தை அளந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 4ஜி மோடம் வழியாக அனுப்பும் பெட்டி. உள்ளே `STM32F103C8` சிப், அதில் 20 கேபி ரேம். அதன்மேல் ஃப்ரீ ஆர்டிஓஎஸ். சென்சாரைப் படிக்க ஒரு டாஸ்க், மோடத்தோடு பேச ஒரு டாஸ்க். அன்றைய உச்ச காற்று வேகம் ரேமில்தான் இருக்கிறது. ரீசெட் ஆனால் அது போய்விடும்.

அது போனால் என்ன என்று கேட்கலாம். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்தும்படி சிக்னலோடு காற்றுமானியை இணைத்து வைத்திருந்தார்கள். 1964 டிசம்பர் புயலில் ஒரு பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோன கரை இது. இங்கே காற்றின் உச்சம் தெரியாமல் போவது சின்ன விஷயம் இல்லை.

தனுஷ்கோடியின் விசேஷம்

அரிச்சல்முனைக்குப் போனவர்களுக்குத் தெரியும். திடீரென்று போனில் "இலங்கைக்கு நல்வரவு" என்று எஸ்எம்எஸ் வரும். சில போன்களில் ரோமிங் என்று காட்டும். தலைமன்னார் கடலுக்கு அப்பால் சுமார் 30 கிலோமீட்டர்தான். நடுவில் கட்டடமோ மரமோ கிடையாது, வெறும் தண்ணீர். ஜிஎஸ்எம் டவர் ஒன்று நேரக்கணக்கின்படி 35 கிலோமீட்டர் வரை போனை ஏற்றுக்கொள்ளும். அதனால் அந்தப் பக்கத்து டவர் இந்தப் பக்கம் கேட்பதில் ஆச்சரியமில்லை. இன்னொன்று, கடல்மேல் வெப்பமும் ஈரப்பதமும் அடுக்கடுக்காக மாறும்போது ரேடியோ அலை போகும் தூரமும் மாறும். ஒருநாள் கேட்கும், ஒருநாள் கேட்காது.

நம் கருவி என்ன செய்கிறது? சொந்த நெட்வொர்க் விட்டுப்போனால், சுற்றிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று மோடத்திடம் `AT+COPS=?` என்று கேட்கிறது. மோடம் ஒரே வரியில் பட்டியல் தருகிறது. அதில் ஒரு பதிவு இப்படி இருக்கும்:

```
(1,"Dialog","Dialog","41302",7),
```

413 என்பது இலங்கைக்கான எண். இந்திய நெட்வொர்க்குகள் 404 அல்லது 405 என்று தொடங்கும். கடைசியில் உள்ள 7 என்றால் 4ஜி. ஒரே நிறுவனம் 2ஜி, 4ஜி இரண்டிலும் கேட்டால் இரண்டு பதிவாக வரும். மேலே உள்ள பதிவை எண்ணிப் பாருங்கள், கடைசிக் காற்புள்ளியோடு சேர்த்து 32 எழுத்து. எல்லாப் பதிவும் ஏறக்குறைய இந்த நீளம் என்று வைத்துக்கொள்வோம். வரியின் தொடக்கத்தில் `+COPS: ` என்று 7 எழுத்து, முடிவில் `,(0,1,2,3,4),(0,1,2)` என்று 20 எழுத்து.

ஊருக்குள் சோதித்தபோது ஏழு பதிவு வந்தது என்று கொள்வோம். 7 + 224 + 20 = 251. முடிவில் வைக்கும் பூஜ்யத்தோடு 252. "256 போதும்" என்று எழுதிவிட்டார்கள்:

```c
char *buf = pvPortMalloc(256);
int i = 0;
while ((c = modem_getc()) != '\n')
    buf[i++] = c;
buf[i] = '\0';
```

ராமநாதபுரத்திலும் ஓடும், மதுரையிலும் ஓடும். தனுஷ்கோடியில் எட்டாவதாக ஒரு இலங்கைப் பதிவு சேர்ந்த ராத்திரி, மொத்தம் 284 பைட். எடுத்த இடத்தைத் தாண்டி 28 பைட் எழுதப்படுகிறது.

அந்த 28 பைட் எங்கே போகிறது

ஃப்ரீ ஆர்டிஓஎஸ்ஸில் பலரும் பயன்படுத்தும் ஹீப் `heap_4`. அது ஒவ்வொரு துண்டு நினைவகத்துக்கும் முன்னால் 8 பைட்டில் ஒரு தலைப்பு வைத்துக்கொள்கிறது. முதல் 4 பைட்டில் அடுத்த காலி இடத்தின் முகவரி, அடுத்த 4 பைட்டில் இந்தத் துண்டின் அளவு. நம் 256 பைட்டுக்கு அடுத்து ஒரு காலித் துண்டு இருந்தால், வழிந்தவற்றில் முதல் 8 பைட் அதன் தலைப்பின்மேல் விழும்.

எட்டாவது பதிவு மேலே காட்டிய டயலாக் பதிவு என்றால், வரியில் 256ஆம் பைட்டிலிருந்து வரும் எழுத்துகள் `02",` பிறகு `7),,` என்று அமையும். முதல் நான்கும் அடுத்த காலி இடத்தின் முகவரியாக உட்கார்கின்றன. இந்தச் சிப் பைட்டுகளைக் கடைசியிலிருந்து படிக்கும், ஆகவே முகவரி `0x2C223230`. அடுத்த நான்கும் அளவாக உட்கார்கின்றன: `0x2C2C2937`. பத்தின் அடிமானத்தில் இது 74 கோடியே சொச்சம்.

20 கேபி மட்டுமே உள்ள சிப், தன்னிடம் 74 கோடி பைட் காலி இடம் ஒரே துண்டாக இருக்கிறது என்று இப்போது நம்புகிறது.

இந்த நேரத்தில் கருவி விழுந்தால் நல்லது, காரணம் உடனே தெரியும். ஆனால் விழாது. வேலை முடிந்து `vPortFree(buf)` என்று திருப்பிக் கொடுக்கும்போது, `heap_4` பக்கத்துக் காலித் துண்டோடு இதை ஒட்டவைத்துவிடும். கெட்டுப்போன அளவும் முகவரியும் அப்படியே ஒட்டிய துண்டுக்குப் போகும். அடுத்து யார் நினைவகம் கேட்டாலும் அந்தத் துண்டிலிருந்து தாராளமாக வெட்டிக் கொடுக்கும். உண்மையில் அங்கே காலியாக இருந்தது 600 பைட்தான் என்றால், அது தீர்ந்தபிறகும் நிறுத்தாமல் அதற்கு அப்பால் உள்ள இடத்தையும் கொடுக்கும். அப்பால் இருப்பது சென்சார் டாஸ்க்கின் ஸ்டாக்காக இருக்கலாம். இனி ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா. இருவருமே தன் இடம் என்று நினைத்து எழுதுவார்கள்.

இங்கே இன்னொரு ஏமாற்றும் இருக்கிறது. ஹீப்பில் எவ்வளவு மீதி என்று பார்க்க `xPortGetFreeHeapSize()` என்று கேட்பீர்கள். அது தனியாக வைத்திருக்கும் ஒரு எண்ணிக்கையைத் திருப்பித் தருகிறதே தவிர, துண்டுகளை நேரில் போய்ப் பார்ப்பதில்லை. அதனால் பதில் எப்போதும்போல ஒழுங்காகவே வரும். "ஹீப் நல்லாத்தான் இருக்கு" என்று நாம் வேறு பக்கம் தேடப் போய்விடுவோம்.

மணிக்கணக்கில் கழித்து, சென்சார் டாஸ்க் தன் ஸ்டாக்கிலிருந்து திரும்பிப் போக வேண்டிய முகவரியை எடுக்கும். அங்கே மோடம் டாஸ்க் எழுதிவைத்த செய்தியின் எழுத்துகள் இருக்கும். சிப் அந்த முகவரிக்குத் தாவப் பார்க்கும், `HardFault` வரும். பல திட்டங்களில் அந்த ஹேண்ட்லர் வெறும் முடிவில்லாச் சுழல். அதிலேயே சுற்றிக்கொண்டிருக்க, வாட்ச்டாக் பொறுமை இழந்து ரீசெட் செய்யும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு "ராத்திரி தானா ரீசெட் ஆச்சு". பழி சென்சார் டாஸ்க்கின்மேல். செய்தது மோடம் டாஸ்க். தூண்டியது கடலுக்கு அப்பால் உள்ள டவர்.

ஸ்டாக் வழிந்தால்

இதே தேடல் இன்னொரு விதத்திலும் கெடுக்கும். மோடம் டாஸ்க்குக்கு 256 என்று ஸ்டாக் கொடுத்திருக்கிறார்கள். `xTaskCreate` இந்த எண்ணை பைட்டாக எடுப்பதில்லை, 4 பைட் கொண்ட சொல்லாக எடுக்கும். ஆக 1024 பைட்.

தினசரி வேலையில் டாஸ்க்கும் மோடம் பேச்சும் சேர்ந்து 300 பைட், லாக் எழுதும் `snprintf` 400 பைட், டாஸ்க் மாறும்போது சிப்பின் ரெஜிஸ்டர்களைச் சேமிக்க 64 பைட். மொத்தம் 764, மீதி 260. நிம்மதியாகத்தான் தெரிகிறது. நெட்வொர்க் தேடும் பாதையில் மட்டும், பெயர்களை வைக்க `char op[10][32]` என்று 320 பைட்டில் ஒரு உள்ளூர் அட்டவணை இருக்கிறது. அதைத் திறந்துவைத்துக்கொண்டே லாக் எழுதினால் 1084. ஒதுக்கிய எல்லைக்குக் கீழே 60 பைட்.

இந்தச் சிப்பில் ஸ்டாக் மேலிருந்து கீழாக வளரும். `heap_4`இல் டாஸ்க்குகளை ஒன்றன்பின் ஒன்றாக உருவாக்கினால், முதல் டாஸ்க்கின் ஸ்டாக், அதன் விவரப் பதிவு, பிறகு இரண்டாம் டாஸ்க்கின் ஸ்டாக், அதன் விவரப் பதிவு என்று அடுக்கப்படும். ஒரு டாஸ்க் தன் ஸ்டாக்கால் தன் விவரப் பதிவையே அழித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வரிசை. அதன் மறுபக்கம் என்னவென்றால், அது முன்னவரின் விவரப் பதிவை அழிக்கும். மோடம் டாஸ்க் வழிந்தால் போவது சென்சார் டாஸ்க்கின் பெயரும், அது எந்த நிகழ்வுக்காகக் காத்திருக்கிறது என்று காட்டும் இணைப்பும். `vTaskList` போட்டுப் பார்க்கும்போது ஒரு டாஸ்க்கின் பெயர் கிறுக்கலாக வந்தால், அந்த டாஸ்க்கைத் திட்டாதீர்கள். அதற்கு அடுத்து உருவாக்கப்பட்ட டாஸ்க்கைப் பாருங்கள்.

ஸ்டாக் வழிவதைக் கண்டுபிடிக்க ஃப்ரீ ஆர்டிஓஎஸ்ஸிலேயே வழி உண்டு. `configCHECK_FOR_STACK_OVERFLOW` என்பதற்கு 2 கொடுத்தால், ஸ்டாக்கின் கடைசி 16 பைட்டில் முதலில் நிரப்பிய `0xA5` அப்படியே இருக்கிறதா என்று ஒவ்வொரு டாஸ்க் மாற்றத்தின்போதும் பார்க்கும். இதைக் கட்டாயம் போட வேண்டும். ஆனால் இதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். டாஸ்க் மாறும்போதுதான் பார்க்கிறது, அதற்குள் சேதம் நடந்து முடிந்திருக்கும். அதோடு, பெரிய உள்ளூர் அட்டவணை ஒன்று அந்த 16 பைட்டின்மேல் விழுந்து, அந்தப் பகுதியில் எதுவும் எழுதப்படாமல் போனால், காவல்காரனைத் தொடாமல் திருடன் தாண்டிப் போன மாதிரி ஆகிவிடும். சோதனை தேறிவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது

முதல் கேள்வி: மின்சாரமா, மென்பொருளா? இதற்குப் பெட்டியைத் திறக்கத் தேவையில்லை. இந்தச் சிப் `RCC->CSR` என்ற ரெஜிஸ்டரில் ரீசெட்டின் காரணத்தைக் குறித்துவைக்கிறது. நிரல் தொடங்கியதும் அதைப் படித்து, சர்வருக்கு அனுப்பி, பிறகு `RMVF` பிட்டால் துடைத்துவிட வேண்டும். `PORRSTF` எழுந்திருந்தால் மின்சாரம் போய் வந்திருக்கிறது, உப்பையும் பேட்டரியையும் பாருங்கள். அது இல்லாமல் `IWDGRSTF` எழுந்திருந்தால் வாட்ச்டாக், அதாவது நிரல் எங்கோ மாட்டியிருக்கிறது. `PINRSTF` ஏறக்குறைய எல்லா ரீசெட்டிலும் எழும், அதைத் தனியாக நம்ப வேண்டாம். வோல்டேஜ் அரைகுறையாக இறங்கி, ரீசெட் ஆகாமல் நிரலை மட்டும் குழப்புவதும் அபூர்வமாக நடக்கும். அதனால் இது தீர்ப்பு இல்லை. ஆனால் ஐம்பது ரீசெட்டில் ஐம்பதும் வாட்ச்டாக் என்றால் கனெக்டரை மாற்றுவதை நிறுத்திவிடலாம்.

இரண்டாவது, விழுந்த இடத்தின் தடயம். `HardFault` ஹேண்ட்லரில் சுழலுக்குப் போகுமுன், `CFSR`, `BFAR`, விழுந்த கட்டளையின் முகவரி, ஓடிக்கொண்டிருந்த டாஸ்க் ஆகியவற்றை, தொடக்கத்தில் பூஜ்யமாக்கப்படாத ஒரு ரேம் பகுதியில் எழுதிவைக்க வேண்டும்:

```c
__attribute__((section(".noinit")))
uint32_t crash[4];
```

லிங்கர் கோப்பிலும் அந்தப் பகுதியை `NOLOAD` என்று அறிவிக்க வேண்டும். வாட்ச்டாக் ரீசெட்டில் ரேம் அழியாது, அடுத்த முறை எழுந்ததும் படித்து அனுப்பலாம்.

வந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதுதான் முக்கியம். நாலு பைட்டும் `0x20` முதல் `0x7E` வரைக்குள் இருந்தால், அது முகவரி இல்லை, யாரோ எழுதிய எழுத்து. `0x2C223230` என்பதைப் பின்னாலிருந்து படியுங்கள்: 30, 32, 22, 2C. அதாவது `02",`. நம் நிரலில் மேற்கோள் குறிக்கு முன்னால் 02 என்று முடியும் சொல் எது என்று தேடினால் `"41302"`க்கு வந்து நிற்போம். விழுந்த டாஸ்க் எதுவானாலும், எழுதியவரின் கையெழுத்து அந்த எண்ணிலேயே இருக்கிறது.

மூன்றாவது, பிழைக்கும் விழுவதற்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது. `vPortGetHeapStats()` காலித் துண்டுகளை ஒவ்வொன்றாக நடந்து பார்க்கும். நிமிடத்துக்கு ஒருமுறை அதை அழைத்தால், மேலே சொன்ன கெட்ட முகவரியை அதுவே மிதித்து விழும். அப்போது `BFAR`இல் `0x2C223234` வரும். நாலு கூடியிருப்பது ஏனென்றால், அது முதலில் படிப்பது அளவை, அளவு இருப்பது நாலு பைட் தள்ளி. ராத்திரி முழுக்கத் தள்ளிப்போக வேண்டியது ஒரு நிமிடத்துக்குள் வெளியே வரும். ஃப்ரீ ஆர்டிஓஎஸ் 11ஆம் பதிப்பிலிருந்து `configENABLE_HEAP_PROTECTOR` என்ற காவலும் இருக்கிறது.

நாலாவது, ஸ்டாக் அளவு. `uxTaskGetStackHighWaterMark()` இதுவரை மிச்சமிருந்த குறைந்தபட்ச இடத்தைச் சொல்லும், அதுவும் சொற்களில். "இதுவரை" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஓடாத பாதையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நெட்வொர்க் விட்டுப்போகாத ஊரில் வைத்து ஒரு மாதம் அளந்தாலும் மீதி 260 பைட் என்றுதான் காட்டும். ஜிசிசியின் `-fstack-usage` ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் எவ்வளவு என்று தரும், ஆனால் யார் யாரை அழைக்கிறார்கள் என்ற சங்கிலியை நாம்தான் கூட்ட வேண்டும். கோர்டெக்ஸ் எம்33 போன்ற புதிய சிப்களில் `PSPLIM` என்ற எல்லை ரெஜிஸ்டர் இருக்கிறது. எல்லையைத் தாண்டிய கணமே பிடிக்கும். நம் சிப்பில் அது கிடையாது.

அளந்ததும் இருப்பதும்

இந்த "இதுவரை" விஷயம் பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. 2013 அக்டோபரில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 2005 டொயோட்டா கேம்ரி கார் விபத்து வழக்கு ஒன்று நடந்தது. வாதிகள் தரப்பில் சாட்சி சொன்ன மைக்கேல் பார் என்ற எம்பெடட் நிபுணர், எஞ்சின் கணினியின் ஸ்டாக்கில் 41 சதவீதம்தான் பயன்படுகிறது என்று நிறுவனம் கணக்கிட்டிருந்ததாகவும், தன் ஆய்வில் 94 சதவீதம் வந்ததாகவும், அந்தக் கணக்கில் சேராத ரிகர்ஷனும் நிரலில் இருந்ததாகவும் சொன்னார். அவருடைய முடிவுகளை நிறுவனம் ஏற்கவில்லை. நமக்கு இங்கே வேண்டியது ஒன்றுதான்: ஒரே நிரலுக்கு இரண்டு எண் வருகிறது என்றால், எந்தெந்தப் பாதைகளைக் கணக்கில் சேர்த்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

சரிசெய்வது

ஹீப்பில் நடந்ததற்குத் தீர்வு ஒரே நிபந்தனை: `i < 255` ஆக இருந்தால் மட்டும் எழுது, மற்றதைப் படித்துக் கீழே போடு. அதைவிட நல்லது, பட்டியல் முழுவதையும் சேர்த்துவைக்காமல், வரும் எழுத்தை வரவரப் பார்த்து, எண் 404 அல்லது 405 என்று தொடங்கும் பதிவை மட்டும் எடுத்துக்கொள்வது. அப்படிச் செய்தால் 32 பைட் போதும், எத்தனை டவர் கேட்டாலும் கவலையில்லை. ஸ்டாக்குக்கு, `op` அட்டவணையை `static` ஆக்கி வெளியே எடுத்துவிட்டால் 320 பைட் மிச்சம். ஆனால் அந்த ஃபங்ஷனை இரண்டு டாஸ்க்குகள் அழைக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

256ஐ 512 ஆக்கினாலும் ரீசெட் நின்றுவிடும். ஆனால் அது 15 பதிவு வரைதான் தாங்கும். கடலுக்கு அப்பால் இன்னும் நாலு டவர் எழும் வருடத்தில் மறுபடியும் முதலிலிருந்து.

சோதனையை தனுஷ்கோடிக்குப் போய்ச் செய்யத் தேவையில்லை. மோடத்துக்குப் பதிலாக ஒரு யுஎஸ்பி சீரியல் கேபிளில் கணினியை இணைத்து, `AT+COPS=?` என்று கேட்டதும் இருபது பதிவு கொண்ட பட்டியலை அனுப்பும் சின்ன ஸ்கிரிப்ட் போதும். 7 பதிவு, 8 பதிவு, 20 பதிவு, நடுவில் அறுந்த பதிவு, வரி முடிவே வராத பதிவு என்று ஒவ்வொன்றாகக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஸ்டாக் மீதியைப் பாருங்கள், ஹீப்பை நடந்து பாருங்கள். மேசைமேலேயே எட்டாவது பதிவில் கருவி விழும். விழாமல் இருபதையும் தாண்டினால், அந்தப் பெட்டியை அரிச்சல்முனைக்கு எடுத்துப் போகலாம். அதற்குப் பிறகும் ரீசெட் ஆகி, `PORRSTF` எழுந்திருந்தால், அப்போது உப்புக்காத்தைப் பற்றிப் பேசலாம்.